இடிக்கப்போகும் சுவரிலிருந்து கொசுத்தேனீக் கூட்டைச் சட்டிக்கு மாற்றுவது: முழு வழிகாட்டி

பெங்களூரில் அல்சூர், காக்ஸ் டவுன், விவேக் நகர் பக்கம் கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தச் சுவர்களில், சன்னலுக்கு அடியிலோ மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ, சுண்டுவிரல்கூட நுழையாத துளைக்குள் கொசுத்தேனீ குடியிருக்கும். இடிக்க நாள் குறித்த பிறகுதான் பெரும்பாலும் வீட்டுக்காரர்களுக்கு அதன் நினைவு வரும். ஒருமுறை மேஸ்திரி சம்மட்டியோடு நிற்கும்போதே என்னைக் கூப்பிட்டார்கள்.

இதுவரை ஏழு கூடுகளை மாற்றியிருக்கிறேன். முதல் இரண்டும் செத்துப்போயின. இரண்டுமே தேனீக்களின் குற்றமல்ல; வேலையை நான் செய்த வரிசை தவறு. அதற்குப் பிறகு என்னோடு கூட வந்து பழகியவர்களும் அதே இடங்களில்தான் தடுமாறினார்கள். அதனால் வரிசையைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் சேர்த்து எழுதுகிறேன். உதாரணத்துக்குப் போன பிப்ரவரியில் அல்சூரில் மாற்றிய ஒரு கூட்டை எடுத்துக்கொள்கிறேன்.

1. கொசுத்தேனீதானா என்று முதலில் பாருங்கள்

கறுப்பாக, மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில், தூரத்திலிருந்து பார்த்தால் கொசு மாதிரி இருக்கும். துளையின் வாயில் பிசினும் மெழுகும் குழைத்துச் செய்த சின்னக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். குழாயின் விளிம்பில் நாலைந்து காவல் தேனீக்கள் தலையை மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குழாயைத் தொட்டால் விரலில் ஒட்டும். இத்தனையும் இருந்தால் அது கொசுத்தேனீ. நம் பக்கம் பரவலாக இருக்கும் இனத்துக்கு டெட்ராகொனுலா இரிடிபென்னிஸ் என்று பெயர்.

துளைக்குள் போய்வருவது பழுப்பும் மஞ்சளும் பட்டைபோட்ட பெரிய தேனீ என்றால் அது பொந்துத் தேனீ. அது கொட்டும், அதை எடுக்கும் முறையும் வேறு. இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது.

கொசுத்தேனீக்குக் கொடுக்கே இல்லை என்பார்கள். இருக்கிறது, ஆனால் குத்தும் அளவுக்கு வளராதது. அதனால் சாதுவாக இருந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டைத் திறந்தால் தலைமுடிக்குள்ளும் காதுக்குள்ளும் புருவத்திலும் புகுந்து கடிக்கும், பிசினை அப்பிவிட்டுப் போகும். வலி பெரிதாக இருக்காது, ஆனால் எரிச்சலில் கை நடுங்கும். இந்த வேலைக்குக் கை நடுங்கக் கூடாது.

2. சுவர் நிற்குமானால் கூட்டைத் தொடாதீர்கள்

தேனீ சுவரைத் தோண்டிப் பலவீனமாக்கிவிடும் என்று பயந்துதான் பலர் துளையை அடைக்கிறார்கள். கொசுத்தேனீ சுவரைத் தோண்டாது. ஏற்கெனவே இருக்கும் பொந்தை எடுத்துக்கொண்டு, தேவையில்லாத இடைவெளிகளைப் பிசினால் பூசி மூடும், அவ்வளவுதான். மின் பெட்டிக்குள் இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அங்கே மெயினை அணைத்து எலக்ட்ரீஷியன் வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

அல்சூர் வீட்டில் இந்தக் கூட்டைப் பல வருடமாகக் காத்தவர் அந்த வீட்டுப் பாட்டி. ஒவ்வொரு முறை வெள்ளையடிக்கும்போதும் அந்த இடத்தில் மட்டும் ஒரு பழைய தகர மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம், சுண்ணாம்பு துளையில் விழாமல். காரணம் கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்குப்பா, நம்மளை என்ன பண்ணுது" என்றார். மகன் சொன்ன காரணம் வேறு: மாடியில் தொட்டியில் வைத்திருக்கும் மிளகாயும் கொத்தமல்லியும் நன்றாகக் காய் பிடிக்கின்றன. கொசுத்தேனீ சில நூறு மீட்டருக்குள்தான் இரை தேடும். ஆகவே வீட்டில் ஒரு கூடு இருந்தால் நம் மாடிப் பூக்களுக்கும் அது வரும். பொந்துத் தேனீ எட்டிப் பார்க்காத சின்னச் சின்னப் பூக்களிலும் உட்காரும். இன்னும் சில வீடுகளில் தொண்டைக்கட்டுக்கு ஒரு சொட்டுத் தேன் கிடைக்கும் என்பதற்காக வைத்திருக்கிறார்கள். தேனுக்காக மட்டும் வைத்திருப்பவர்கள் கடைசியில் ஏமாந்து போவார்கள். ஏன் என்பதைப் பதினோராவது பகுதியில் சொல்கிறேன்.

சரி, சுவர் இடிவது உறுதி, ஆனால் நான்கைந்து மாதம் கையில் இருக்கிறது என்றால் சுவரை உடைக்காமலே ஒரு வழி உண்டு. வாசலிலிருந்து ஒரு குழாயை எடுத்துக் காலிச் சட்டிக்குள் விட்டு, சட்டியின் மறுபக்கத்தில் வெளியே போக ஒரு துளை வைப்பார்கள். தேனீக்கள் சட்டி வழியாகவே போய்வந்து மெல்ல மெல்ல அங்கேயும் கட்ட ஆரம்பிக்கும். ஆனால் முதலில் தேனையும் மகரந்தத்தையும்தான் சேர்க்கும். சட்டிக்குள் ராணி உண்டாகாமல் குழாயை வெட்டினால் மிஞ்சுவது வெறும் சரக்கு அறைதான். இடிக்கும் தேதி நெருங்கிவிட்ட வீட்டில் இதற்கு அவகாசம் கிடையாது. அல்சூரில் எனக்குக் கிடைத்தது ஒன்பது நாள்.

3. மாதமும் நேரமும்

பெங்களூரில் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். புங்கம் முதலான மரங்கள் பூக்கும், மழை குறைவு, சிதைந்த கூட்டைச் சரிசெய்யத் தேவையான பிசினும் மகரந்தமும் தட்டில்லாமல் கிடைக்கும். அடைமழையிலும் டிசம்பர்க் குளிரிலும் வெளியே போக முடியாத கூட்டத்துக்குக் கையிருப்பையும் பறித்துவிட்டால் அது தேறுவது கடினம். இடிப்பவர்கள் நம் மாதத்தைக் கேட்டு இடிக்கமாட்டார்கள் என்பது தெரியும். ஆனாலும் இரண்டு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வேலையைக் காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். குளிரில் தேனீக்கள் வெளியே கிளம்பியிருக்காது, பறப்பதும் மந்தமாக இருக்கும், நமக்கும் வெளிச்சம் கிடைக்கும். முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. காலையில் முடித்தால்தான் புதுச் சட்டி பகல் முழுவதும் அதே இடத்தில் இருக்கும், கலைந்து பறந்த தேனீக்கள் திரும்பி வந்து சேர ஒரு முழுப் பகல் கிடைக்கும்.

4. முந்தின நாளே தயாராக இருக்க வேண்டியவை

வாய் அகன்ற மண்சட்டி இரண்டு, வாயோடு வாய் பொருந்தும்படி வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை அதன்மேல் கவிழ்த்தால் உள்ளே மூன்று லிட்டர் அளவு இடம் இருந்தால் போதும். பெரிய பானை என்றால் பாவம், அத்தனை இடத்தையும் காக்கவும் சூடாக வைக்கவும் சின்னக் கூட்டத்தால் முடியாது. குறுகிய வாய்ப் பானையும் வேண்டாம்: உள்ளே போட முடியும், பிறகு திறந்து பார்க்க முடியாது. குழம்பு வைத்த சட்டியில் எண்ணெயும் உப்பும் ஊறியிருக்கும் என்பதால் தண்ணீர் வைத்த பழைய சட்டிதான் நல்லது. கீழ்ச்சட்டியின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை போட்டு வையுங்கள். சட்டியை முந்தின இரவே தண்ணீரில் ஊறவைத்துவிட்டு டிரில் பிட்டை மெதுவாக ஓட்டினால் விரியாது.

இதோடு கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று, பிசைந்த களிமண், அகலமான காகித டேப், மெல்லிய உளி, சின்னச் சுத்தியல், சாப்பாட்டுக் கரண்டி, பரந்த கத்தி, மென்மையான கோழியிறகு, மூடியுள்ள இரண்டு டப்பா, டார்ச், ஈரத்துணி. முகத்துக்கு வலை போட்ட தொப்பி. வலை கிடைக்காவிட்டால் கொசுவலைத் துண்டைத் தொப்பிமேல் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டாலும் போதும்.

பூச்சிமருந்து அடித்த சுவரா என்று வீட்டாரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். கரப்பானுக்கு அடித்த ஆள் போகிற போக்கில் துளையிலும் ஒரு பீச்சு பீச்சியிருப்பார். அப்படி அடித்த கூட்டில் பாதி செத்திருக்கும், எடுத்தும் பயனிருக்காது.

5. உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்

அடுக்கடுக்காகத் தொங்கும் தட்டையான தேனடையை எதிர்பார்த்து வருபவர்கள் இங்கே திகைத்துப் போவார்கள். கொசுத்தேனீக் கூட்டில் அடையே கிடையாது. மூன்று வகை உருண்டைகள் இருக்கும்.

நடுவில் புழு அறைகள். ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதையைவிடச் சற்றே சிறியது. திராட்சைக்குலை போல ஒன்றோடொன்று மெல்லிய கம்பங்களால் ஒட்டிக்கொண்டு ஒரு திரளாக நிற்கும். அதைச் சுற்றி, சுண்டைக்காய் அளவில் கரும்பழுப்பு நிறக் குடங்கள். அவற்றில் சிலவற்றில் மகரந்தமும் சிலவற்றில் தேனும் இருக்கும். வெளிப்பக்கம் மின்னுவது தேன் குடம், மங்கலாகவும் கெட்டியாகவும் தெரிவது பெரும்பாலும் மகரந்தக் குடம்.

புழு அறைகளிலும் இரண்டு நிறம் உண்டு. கரும்பழுப்பாகவும் மெத்தென்றும் இருப்பவை புதியவை. அதற்குள் கஞ்சி மாதிரி உணவு நிரம்பியிருக்கும், அதன்மேல் முட்டை நட்டுவைத்தது போல நிற்கும். வெளிறிய மஞ்சளாக இருப்பவை பழையவை. உள்ளே புழு தன்னைச் சுற்றிக் கூட்டுப்புழு உறை கட்டிக்கொண்ட பிறகு, வெளிப் பூச்சிலிருக்கும் மெழுகை வேலைக்காரத் தேனீக்கள் சுரண்டி எடுத்துவிடும். அதனால்தான் அந்த நிறம். இவை கைக்குத் தாங்கும். புதியவை தாங்காது.

இந்த வேறுபாடு தெரியாததுதான் என் முதல் கூட்டைக் கொன்றது. எல்லாவற்றையும் ஒன்றாகவே கரண்டியால் வழித்துப் போட்டேன்.

6. வாசலில் பாட்டிலைப் பொருத்துங்கள்

சுவரைத் தொடுவதற்கு முன் வாசல் குழாயை அடியோடு அறுத்து எடுத்து, ஒரு காகிதத்தில் பத்திரப்படுத்துங்கள். அது பிறகு புதுச் சட்டியின் வாசலுக்குப் போகும். இப்போது பாட்டிலின் வாயைத் துளையோடு சேர்த்து, சுற்றிலும் களிமண் வைத்து அடையுங்கள். பாட்டிலில் ஊசியால் பத்து இருபது துளை போட்டிருக்க வேண்டும்.

சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள். என்ன சத்தம் என்று பார்க்கக் காவல் தேனீக்கள் கிளம்பி வந்து பாட்டிலுக்குள் நிறையும். ஐந்து நிமிடம் தட்டினால் சில நூறு வந்துவிடும். பாட்டிலை மூடி நிழலில் வையுங்கள். இப்படிச் செய்தால் நம் தலைமுடிக்குள் புகவேண்டியவை பாட்டிலுக்குள் இருக்கும், பறந்து தொலையவேண்டியவையும் கணக்கில் நிற்கும்.

பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டு மறந்துபோவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. பத்து நிமிட வெயில் போதும், எல்லாம் வெந்துவிடும்.

7. சுவரைத் திறப்பது

வாசல் இருக்கும் இடத்துக்கு நேர் பின்னாலேயே கூடு இருக்கும் என்று நம்பாதீர்கள். அல்சூர் வீட்டில் வாசல் சன்னல் கட்டையின் இடது மூலையில் இருந்தது, கூடோ ஒரு முழம் தள்ளி, கல்லுக்குப் பின்னால் இருந்தது. பிசின் பூசிய பாதையைத் தொடர்ந்தே போக வேண்டும்.

அதனால் வாசலிலிருந்து தொடங்கி, ஒரு விரல் அகலமாகச் சாந்தைச் சுரண்டிக்கொண்டே போங்கள். சம்மட்டி வேண்டவே வேண்டாம், அதிர்ச்சியில் தேன் குடங்கள் உடைந்து புழு அறைகள்மேல் வழியும். மண்சாந்து என்பதால் எங்களுக்கு உளியே போதும் என்று ஆனது. சிமென்ட் பூச்சாக இருந்தால் மேல்பூச்சை மட்டும் மேஸ்திரியை விட்டு வெட்டச் சொல்லி, கடைசி ஓர் அங்குலத்தை நீங்களே எடுங்கள். பிசினால் ஆன கறுப்புத் தடுப்பு தென்பட்டதும் நிறுத்துங்கள், அதற்கு அந்தப் பக்கம்தான் கூடு.

பிறகு பக்கவாட்டில் கற்களைத் தளர்த்தி, கூடு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்வரை திறக்க வேண்டும். சின்னத் துளை வழியாகக் கையை விட்டு எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படி எடுத்தால் ராணி நசுங்கும்.

8. புழு அறைத் திரளை எடுப்பது

முதலில் புழு அறைகள், பிறகு மகரந்தம், கடைசியில் தேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். தேனில் கைவைத்தால் ஒழுகும். ஒழுகினால் தேனீக்கள் அதில் ஒட்டிச் சாகும், நம் கைகளும் பிசுபிசுக்கும். அந்தக் கையால் புழு அறையைத் தொட்டால் அது கிழியும்.

தேன் குடங்கள் வழியில் இருந்தால் அவற்றை மட்டும் ஒதுக்கி ஒரு டப்பாவில் போடுங்கள். பிறகு கத்தியைத் திரளுக்கு அடியில் செருகி, தாங்கும் கம்பங்களை அறுத்து, தோசையைத் திருப்பியால் எடுப்பதுபோல் முழுத் திரளையும் ஒரே துண்டாக எடுக்கப் பாருங்கள். இரண்டு துண்டாக வந்தாலும் பரவாயில்லை.

மேல் எது, கீழ் எது என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முட்டை அந்தக் கஞ்சியின் மேற்பரப்பில் நிற்கிறது என்று சொன்னேன் அல்லவா? திரளைக் கவிழ்த்துவிட்டால் முட்டையும் இளம்புழுவும் அதிலேயே மூழ்கிச் செத்துவிடும். பொந்துத் தேனீ மாதிரிப் புழுவுக்கு நாள்தோறும் ஊட்டும் பழக்கம் இவற்றுக்குக் கிடையாது. ஓர் அறைக்கு ஒரே தடவை உணவை நிரப்பி, முட்டையிட்டு, மூடிவிடும். மூடிய பிறகு உள்ளே நடப்பதைத் திருத்த யாரும் வரமாட்டார்கள். எனவே எடுக்கும் முன்பே திரளின் தலையில் ஒரு சின்னத் தீக்குச்சியைச் செருகி அடையாளம் வைத்துக்கொள்கிறேன்.

கீழ்ச்சட்டியின் நடுவில் நாலைந்து மெழுகுத் துண்டுகளை, அந்தக் கூட்டிலிருந்தே உதிர்ந்தவற்றை, உருட்டிக் கால் மாதிரி வையுங்கள். திரளை அதன்மேல் உட்கார வையுங்கள். சட்டியின் தரையில் அப்படியே வைத்தால் அடியிலுள்ள அறைகள் நசுங்கும், தேனீக்களும் அடியில் நுழைந்து துப்புரவு செய்ய முடியாது.

உடைந்த புதிய அறைகளைச் சட்டிக்குள் போடாதீர்கள். மனம் கேட்காதுதான், ஆனாலும் தூர எறியுங்கள். ஏனென்று ஒன்பதாவது பகுதியில் புரியும். அல்சூரில் திரள் ஒரு சாத்துக்குடி அளவு இருந்தது, அதில் கால்வாசியை எறிந்தோம்.

இந்த இடத்திலேயே ராணியையும் தேடுங்கள். வேலைக்காரத் தேனீயைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளம், வெளிறிய பழுப்பில் ஊதிய வயிறு, குட்டைச் சிறகு. அதனால் பறக்க முடியாது, ஓடத்தான் முடியும். கூடு திறந்ததும் வெளிச்சத்துக்கு அஞ்சிச் சந்துக்குள் ஓடி ஒளியும். பெரும்பாலும் திரளின் இடுக்கில் இருக்கும், இல்லாவிட்டால் பொந்தின் பின்சுவரில். எங்களுக்கு அன்று ஏழேமுக்காலுக்குத்தான் கிடைத்தது, கல்லிடுக்கில். விரலால் பிடிக்காதீர்கள். இறகை முன்னால் நீட்டினால் அதில் ஏறிக்கொள்ளும், அப்படியே சட்டிக்குள் இறக்கிவிடலாம்.

ராணி கிடைக்கவே இல்லையென்றால் திரளின் ஓரத்தைப் பாருங்கள். துவரம்பருப்பு அளவில், மற்றவற்றைவிடத் தெளிவாகப் பெரிய ஓர் அறை இருக்கிறதா? அது ராணி அறை. அது முழுசாக இருந்தால் நம்பிக்கை உண்டு: புது ராணி பிறந்து, வெளியே போய் ஆண் தேனீயோடு கூடித் திரும்பி வந்து முட்டையிடும். ராணியும் இல்லை, ராணி அறையும் இல்லை என்றால் அந்தக் கூட்டம் சில வாரம் பிழைப்பு நடத்தும், அப்புறம் ஓயும்.

9. மகரந்தம், தேன், அப்புறம் கூன் ஈ

உடையாத மகரந்தக் குடங்களில் ஒரு கைப்பிடியைத் திரளுக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல் வையுங்கள். உடைந்தது ஒன்றுகூட வேண்டாம். தேன் குடங்களை முதல் நாள் வைக்கவே வேண்டாம்.

காரணம் ஒரு சின்ன ஈ. முதுகு கூன் விழுந்தது போல இருக்கும், பறப்பதைவிட விட்டுவிட்டு ஓடும். ஃபோரிட் ஈ என்பார்கள். உடைந்த மகரந்தத்தின் வாடையும் கிழிந்த புழு அறையின் வாடையும் அதற்கு அழைப்பிதழ். உள்ளே புகுந்து முட்டையிட்டால் ஒரு வாரத்துக்குள் வெள்ளைப் புழுக்கள் நெளியும். காவல் தேனீக்கள் வாசலை ஒழுங்குசெய்து நிற்கும்வரை அதைத் தடுக்க ஆளில்லை. என் இரண்டாவது கூடு இப்படித்தான் போனது. ஐந்தாம் நாள் சட்டியருகே புளித்த வாடை வந்தது, திறந்தால் புழுக்கூட்டம். நல்லெண்ணத்தில் மகரந்தம் முழுவதையும் அள்ளிப் போட்டிருந்தேன்.

ஆகவே ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் குறைவாகக் கொடுங்கள். தேனீக்கள் வெளியே போய்க் கொண்டுவரட்டும்.

10. மூடி, அதே இடத்தில் வைத்து, இரவில் நகர்த்துவது

மேல்சட்டியைக் கவிழ்த்து, இணைப்பைக் காகித டேப்பால் ஒட்டி, அதன்மேல் களிமண் பூசுங்கள். ஈ நுழையும் அளவுக்கு ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. எடுத்துவைத்த பழைய வாசல் குழாயைத் துளையைச் சுற்றி ஒட்டுங்கள். அந்த வாடையை வைத்துத்தான் வெளியே திரிபவை இது நம் வீடு என்று அடையாளம் காணும்.

இப்போது பாட்டிலின் வாயைத் துளையோடு சேர்த்து, பாட்டிலை வெளிச்சத்திலிருந்து துணியால் மூடினால் தேனீக்கள் மெல்ல உள்ளே இறங்கும். பிறகு சட்டியைப் பழைய வாசல் இருந்த இடத்திலேயே, துளை அதே திசையைப் பார்க்கும்படி, முடிந்தவரை அதே உயரத்தில் வையுங்கள். பழைய பொந்தில் தேன் பூசிய கல் ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது: ஈரத்துணியால் துடைத்து, பொந்தைக் களிமண்ணால் அடையுங்கள். அடைக்காவிட்டால் பாதிக் கூட்டம் சட்டியை விட்டுப் பழைய பொந்துக்கே போய் மொய்க்கும்.

அன்று பகலில் ஒன்பது மணி வாக்கில் சட்டியைச் சுற்றிப் புகை மாதிரித் தேனீக்கள் பறந்தன. பாட்டி பதறிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு வரிசை ஒழுங்காகி உள்ளே போய்வரத் தொடங்கின, நாலு மணிக்கு வாசலில் நாலு காவல்.

இருட்டி அரை மணி கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு, வாசலில் மெல்லிய கம்பிவலைத் துண்டை ஒட்டுங்கள். துணியோ களிமண்ணோ வைத்து அடைத்தால் மூச்சு முட்டும். கொண்டுபோகும் இடம் குறைந்தது ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே தெருவில் நூறு மீட்டர் தள்ளி வைத்தால் மறுநாள் இரை தேடப் போனவை பழைய இடத்துக்கே திரும்பி, அங்கே சட்டியைக் காணாமல் சுற்றிச் சுற்றிச் சாகும். பக்கத்திலேயே வைக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் ஒரு மாதம் தூரத்தில் வைத்துவிட்டுப் பிறகு கொண்டுவர வேண்டும். அல்சூர்ச் சட்டி பானஸ்வாடியில் மகன் வீட்டுக்குப் போனது. பைக்கில் வேண்டாம் என்று ஆட்டோவில் வைத்து, பாட்டி மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்பீட் பிரேக்கர் வரும்போதெல்லாம் ஓட்டுநரிடம் கன்னடத்தில் ஒரு அதட்டல்.

புது இடத்தில் காலை வெயில் கொஞ்சம் படலாம், மதிய வெயில் படக் கூடாது, மழைச்சாரல் அடிக்கக் கூடாது. எறும்பைத் தடுக்க உறியில் தொங்கவிடுவது நல்ல வழி. உறிக் கம்பியின் மேல்பகுதியில் மட்டும் கிரீஸ் தடவுங்கள். பறக்கும் பாதைக்குப் பக்கத்தில் தடவாதீர்கள்: கொசுத்தேனீக்கு ஒட்டுகிற எதுவும் பிசினாகத் தெரியும், கிரீஸையும் ஈரப் பெயிண்டையும்கூட அள்ளப்போய் மாட்டிக்கொள்ளும்.

வைத்த பின் வலையை எடுத்துவிட வேண்டும். இரவிலேயே எடுத்துவிடுங்கள். "காலையில் எடுக்கலாம்" என்று தூங்கப் போனவர் ஒருவர் பத்து மணிக்கு எழுந்து வந்தார். வாசலில் நெருக்கிச் செத்தவை ஒரு கைப்பிடி.

11. முதல் பத்து நாள், பிறகு ஒன்றரை மாதம், தேன்

முதல் பத்து நாள் சட்டியைத் திறக்காதீர்கள். வாசலை மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் குழாயின் விளிம்பு புதிதாக நீளும், வெளிர் நிறத்தில் தெரியும். தேனீக்கள் குப்பையைச் சின்னச் சின்ன உருண்டையாக எடுத்துவந்து வெளியே வீசும். பின்னங்காலில் மஞ்சள் மூட்டையோடு சில உள்ளே போகும். மூன்றும் இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. குழாய் வளரவில்லை, வாசலில் காவலில்லை, சட்டியருகே புளித்த வாடை, கூன் ஈ ஓடுகிறது என்றால் அன்றைக்கே திறந்து, புழுவைத்த துண்டுகளை வெட்டியெறிந்து, உலர்ந்த வேறு சட்டிக்கு மாற்றுங்கள். சில சமயம் பிழைக்கும்.

தேன் கொடுக்க வேண்டுமென்றால் மூன்றாம் நாளுக்குப் பிறகு, அந்தக் கூட்டின் தேனையே ஒரு பாட்டில் மூடியில் அரைக்கரண்டி ஊற்றி, மூழ்காமல் உட்காரச் சில ஈர்க்குச்சிகளைப் போட்டு, மாலையில் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து மறுநாள் எடுத்துவிடுங்கள். கடைத்தேன் வேண்டாம், அதில் வேறு தேனீக்களின் நோய் இருக்கலாம்.

முப்பதாவது நாள் ஒருமுறை, வெயில் வந்த பிறகு, மேல்சட்டியைத் தூக்கிப் பாருங்கள். ராணி கண்ணில் பட வேண்டும் என்றில்லை. கரும்பழுப்பு நிறப் புது அறைகள் இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. இருந்தால் ராணி முட்டையிடுகிறது. வெளிறிய பழைய அறைகள் மட்டுமே என்றால் ராணி இல்லை. முட்டை தேனீயாகி வெளிவர ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். அதனால் ராணியில்லாத சட்டியிலும் பழைய அறைகளிலிருந்து புதுத் தேனீக்கள் வந்துகொண்டே இருக்கும், வாசல் பரபரப்பாகவே தெரியும். அதைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். பானஸ்வாடிச் சட்டியை முப்பத்திரண்டாம் நாள் திறந்தோம்: பழைய திரளின் மேல்பக்கத்தில் உள்ளங்கை நடுவளவுக்குக் கறுப்பாகப் புது அறைகள் இருந்தன. தீக்குச்சியைக் காணவில்லை. பிசின் பூசி அதையும் ஒரு தூணாக்கிவிட்டிருந்தன.

தேன் என்று வந்தால், நன்றாகத் தேறிய கூட்டத்திலிருந்தே வருடத்துக்குச் சில நூறு கிராம்தான். மாற்றிய முதல் வருடம் தொடவே கூடாது. இரண்டாம் வருடம் மார்ச், ஏப்ரலில் ஓரத்திலுள்ள தேன் குடங்களில் பாதியை மட்டும் கரண்டியால் எடுத்து, துணியில் தொங்கவிட்டு வடிக்கலாம். கையால் பிழிந்தால் மகரந்தம் கலந்து சீக்கிரம் புளிக்கும். இந்தத் தேனில் தண்ணீர் அதிகம், இயல்பிலேயே புளிப்பு உண்டு, வெளியே வைத்தால் நுரைத்துவிடும். எனவே குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனையும் தரக் கூடாது, இதையும்தான்.

சுவரிலிருந்து எடுத்த அன்றே டப்பாவில் சேர்ந்த தேன் இருக்கிறதே, அல்சூரில் அது வடித்த பிறகு நூற்றெண்பது கிராம் வந்தது. அதில் இரண்டு கரண்டி தேனீக்களுக்கென்று எடுத்துவைத்தோம். மிச்சத்தைப் பாட்டி ஊறுகாய் பாட்டிலில் ஊற்றி, இடிக்க வந்த மேஸ்திரிக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்.